தாலி எந்த ரீலில் வருகிறது?

கேள்வி: ரொமான்டிக் காமெடி எல்லாமே ஒரே கதைதானே? சந்திப்பு, சண்டை, பிரிவு, ஏர்போர்ட்டில் ஓட்டம், கல்யாணம். முடிவு தெரிந்தும் ஏன் திரும்பத் திரும்பப் பார்க்கிறோம்? இந்த வழக்கத்தைக் கொஞ்சம் வளைத்த படங்கள் இருந்தால் சொல்லுங்கள், அம்மாவோடு உட்கார்ந்து பார்க்கிற மாதிரி இருந்தால் நல்லது. நான் தண்டையார்பேட்டை.

பக்கத்துப் பேட்டைதான், நான் பழைய வண்ணாரப்பேட்டை. கேசட் காலத்தில் வீடியோ லைப்ரரி கவுன்டரில் உட்கார்ந்து, பிறகு சிடி, டிவிடி என்று மாறி, கடைசியில் கடையே இல்லாமல் போகிற வரைக்கும் ஜனங்கள் எந்தப் படத்தை எத்தனை தடவை எடுத்துப் போகிறார்கள் என்று பார்த்தவன். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் உங்கள் பட்டியலைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். சந்திப்பு, சண்டை, பிரிவு எல்லாம் சரிதான். ஹாலிவுட்டில் பில்லி மெர்னிட் என்பவர் ரொமான்டிக் காமெடி எழுதுவதற்கென்றே 2000இல் ஒரு புத்தகம் போட்டு, இதையெல்லாம் ஏழு கட்டமாகப் பிரித்து வைத்திருக்கிறார். ஆனால் ஒரு படம் வழக்கத்தில் நிற்கிறதா, வளைக்கிறதா என்று பார்க்க அந்த ஏழும் தேவையில்லை. நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்பேன்: கல்யாணம் படத்தில் எங்கே வருகிறது? கடைசி ரீலிலா, இடைவேளைக்குப் பக்கத்திலா, ஆரம்பத்திலேயேவா, அல்லது வரவே இல்லையா? தாலி நகர்ந்தால் காதலுக்குக் குறுக்கே நிற்கிற தடை நகரும், தடை நகர்ந்தால் மொத்தப் படமும் வேறு படமாகிவிடும்.

கடைசியில் தாலி வருகிற வகைதான் ஆதி வகை. கிரேக்கத்தில் மெனாண்டர் என்று ஒரு நாடக ஆசிரியர். கி.மு. 316இல் ஏதென்ஸில் போட்டியில் ஜெயித்த அவருடைய நாடகம் ஒன்று, டிஸ்கொலோஸ் என்று பெயர், கிட்டத்தட்ட முழுசாகவே நமக்குக் கிடைத்திருக்கிறது. கதை என்ன தெரியுமா? பணக்காரப் பையன், ஏழைப் பெண், பெண்ணின் அப்பா யாரோடும் ஒத்துப்போகாத சிடுமூஞ்சி. அப்பா கிணற்றில் விழுகிறார். தூக்கிவிடுகிறார்கள். சம்மதம் கிடைக்கிறது. கிட்டத்தட்ட 2300 வருஷத்துக்கு முன்னால் எழுதினது. இதை இன்றைக்கு ஒரு யூடியூப் சேனலுக்குக் கதையாகச் சொன்னால் பட்ஜெட் பிரச்சினை தவிர வேறெதுவும் சொல்ல மாட்டார்கள்.

நம்மூரில் அதே அச்சு 1964இல் ஸ்ரீதர் எடுத்த காதலிக்க நேரமில்லை. பாலையா பணக்கார அப்பா, ரவிச்சந்திரன் வேலையிழந்த பையன், அப்பாவை மடக்கப் பணக்கார வேஷம், அதற்கு நண்பன் முத்துராமன் கிழட்டு அப்பாவாக மாறுவேஷம். இந்தப் படத்தில் பிரிவுக் காட்சி என்று அழவைக்கிற ஒன்று கிடையாது என்பதைக் கவனித்தீர்களா? தடை முழுக்க வெளியே இருக்கிறது, அப்பாவின் பணத்திமிரில். அதனால் காதலர்கள் ஒருவரை ஒருவர் சந்தேகப்பட வேண்டிய அவசியமே இல்லை, ரெண்டு பேரும் ஒரே கட்சி, எதிரி ஒருவர், அந்த எதிரியும் நம்மைச் சிரிக்க வைக்கிறவர். வீட்டில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து பார்க்க முடிந்ததற்கு இது பெரிய காரணம். அப்பாவைக் கிண்டல் செய்கிற படத்தை அப்பாவே பக்கத்தில் உட்கார்ந்து ரசிக்கலாம், ஏனென்றால் கடைசியில் அவர் தோற்கிற விதம் அவமானமாக இருக்காது.

இனி முடிவு தெரிந்தும் ஏன் பார்க்கிறோம் என்பது. 2011இல் கலிபோர்னியாவில் லெவிட், கிறிஸ்டன்ஃபெல்ட் என்று ரெண்டு உளவியல்காரர்கள் ஒரு சோதனை செய்தார்கள். சிறுகதைகளைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார்கள், ஒரு பகுதிப் பேருக்கு முடிவை முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். முடிவு தெரிந்தவர்கள்தான் கதையைக் கூடுதலாக ரசித்ததாகச் சொன்னார்கள். 2015இல் வேறு ரெண்டு பேர் செய்த சோதனையில் இதற்கு நேர்மாறாக வந்தது, அதனால் இதை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் ரொமான்டிக் காமெடியைப் பொறுத்தவரை அந்த முதல் சோதனை சொல்வதை நான் கவுன்டரில் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

கேசட்டில் ஒரு விஷயம் உண்டு. ஒரு காட்சியைத் திரும்பத் திரும்ப ரீவைண்ட் செய்து போட்டால், அந்த இடத்தில் டேப் தேய்ந்து, திரையில் குறுக்கே வெள்ளைக் கோடு விழ ஆரம்பிக்கும். திரும்பி வந்த கேசட்டை ஓட்டிப் பார்த்தாலே ஜனங்கள் எதற்காக எடுத்துப் போனார்கள் என்று தெரிந்துவிடும். சண்டைப் படத்தில் கிளைமாக்ஸில் கோடு விழும். காதல் காமெடியில் கிளைமாக்ஸ் பளிச்சென்று இருக்கும், கோடு விழுவது நடுவில்தான், ரெண்டு பேரும் இன்னும் ஒத்துக்கொள்ளாமல் சும்மா வாயடித்துக்கொண்டிருக்கிற இடங்களில். மௌன ராகம் கேசட்டில் கார்த்திக் வருகிற பகுதி முழுக்க மழை பெய்கிற மாதிரி இருக்கும், ஸ்டேஷன் காட்சி புதுசாக இருக்கும்.

முடிவு நிச்சயம் என்பதால் யாரும் முடிவுக்காகப் பார்ப்பதில்லை. முடிவைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்கிற நிம்மதியில்தான் நடுவில் நடக்கிற சின்னச் சின்னதை ரசிக்க மனசுக்கு இடம் கிடைக்கிறது. அவள் கோபமாகத் திரும்பிப் போகும்போது நமக்கு வயிற்றைப் பிசைவதில்லை, அவள் எப்படித் திரும்புகிறாள் என்பதை வேடிக்கை பார்க்கிறோம். திரில்லரில் அதே முகத்தை அப்படிப் பார்க்க முடியாது, கண் கத்தி எங்கே என்று தேடிக்கொண்டிருக்கும். நாள் முழுக்க என்ன ஆகுமோ என்று நின்று வேலை செய்துவிட்டு வருகிறவர்களுக்கு, ஹார்பர் ஷிஃப்ட் முடித்து வருகிறவரோ எம்.சி. ரோட்டில் புடவை மடித்துக் கை வலிக்க வருகிற பெண்ணோ, ரெண்டரை மணி நேரத்துக்கு என்ன ஆகும் என்று தெரிந்த ஒன்று கிடைப்பது பெரிய விஷயம். கவுன்டரில் வந்து ‘அண்ணே, ஏற்கெனவே பார்த்தது ஏதாவது குடுங்க’ என்று கேட்டவர்கள் உண்டு. சும்மா தமாஷுக்குக் கேட்டதில்லை அது.

இன்னொன்று, இந்த வகைப் படத்தில் யாரும் கெட்டுப்போக மாட்டார்கள். கைவிடப்பட்ட மாப்பிள்ளைக்குக்கூடக் கடைசியில் ஒரு பெண் கிடைக்கும், அல்லது அவன் நல்லவனாகத் தோளைத் தட்டிவிட்டுப் போவான். வடசென்னை என்றாலே அரிவாளும் பாக்ஸிங் கிளப்பும் கேரம் போர்டுமாகவே சினிமாவில் காட்டுகிறார்கள். நம் தெருவைத் திரையில் பார்த்தாலே யாராவது சாகப்போகிறார்கள் என்று நமக்கே பழகிவிட்டது. அந்தப் படங்களில் சில நல்ல படங்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் சனிக்கிழமை ராத்திரி வீட்டில் போட அதை யாரும் எடுத்துப் போகவில்லை.

வழக்கத்தில் கெட்டுப்போன பகுதி எது என்றும் சொல்லிவிடுகிறேன். பெண் வேண்டாம் என்று சொன்ன பிறகும் பஸ்ஸில், காலேஜ் வாசலில், வீட்டு வாசலில் பின்னாலேயே அலைந்தால் ஒத்துக்கொள்வாள் என்பது. முப்பது வருஷம் நம் படங்கள் இதைத்தான் காதல் என்று விற்றன. இதில் ஆறுதலும் இல்லை, காமெடியும் இல்லை, பின்னால் அலைகிறவனுக்கு மட்டுமே ஆறுதல். அப்படிப்பட்ட படம் எதையும் கீழே சொல்லவில்லை.

இப்போது பிரிவு. படத்தின் கடைசி முப்பது நிமிஷத்துக்கு முன்னால் ரெண்டு பேரையும் பிரித்தே ஆகவேண்டும் என்பது எழுதப்படாத சட்டம். மோசமான எழுத்தாளரும் நல்ல எழுத்தாளரும் பிரிகிற இடம் இதுதான். சோதிக்கிற வழி சுலபம். பிரிவு வந்ததும் உங்களையே கேளுங்கள்: ‘ஒரே ஒரு போன் போட்டால் இது தீர்ந்துவிடுமா?’ தீர்ந்துவிடும் என்றால், அதாவது அவன் வேறொரு பெண்ணோடு நிற்பதைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு அவள் எதுவும் கேட்காமல் ஊருக்குப் போய்விடுகிறாள், அந்தப் பெண் அவன் அக்கா, இந்த ரகம் என்றால், எழுத்தாளருக்கு வேறு தடை தோன்றவில்லை என்று அர்த்தம். நல்ல படத்தில் பிரிவுக்குக் காரணம் முதல் அரைமணி நேரத்திலேயே நாம் சிரித்த விஷயமாக இருக்கும். அவனுடைய எந்தக் குணத்தைப் பார்த்துச் சிரித்தோமோ அதே குணம் இப்போது கடிக்கும். போன் போட்டுத் தீராது, ஆள் மாற வேண்டும்.

தமிழில் இதற்குக் கூடுதல் சிக்கல் ஒன்று, இடைவேளை. ஹாலிவுட் படத்தில் இழுபறியை முக்கால் படம் வரைக்கும் ஓட்டலாம். நமக்கு நடுவில் விளக்கு போடுகிறார்கள், பாப்கார்ன் வாங்கப் போகிற நேரத்தில் ஏதாவது பெரிதாக நடந்திருக்க வேண்டும். அதனால் காதல் ஒத்துக்கொள்கிற காட்சியை இடைவேளைக்கு இழுத்து வந்துவிடுகிறார்கள். சரி, அப்புறம்? ரெண்டாவது பாதிக்குக் கையில் எதுவும் இல்லை. ‘செகண்ட் ஹாஃப் லேக்’ என்று நாம் திட்டுகிற நோய் முக்கால்வாசி இங்கிருந்துதான் வருகிறது. இதற்கு நம் ஆட்கள் கண்டுபிடித்த நல்ல மருந்து தாலியை முன்னால் நகர்த்துவது. காதலை ஒத்துக்கொண்டதும் கல்யாணத்தையும் முடித்துவிடு, ரெண்டாவது பாதி முழுக்க அதற்கப்புறம் என்ன என்று எடு. 2000இல் அலைபாயுதே அதைத்தான் செய்தது, ரகசியமாகக் கட்டிக்கொண்டு அவரவர் வீட்டில் இருக்கிற காட்சிகள்தான் அதில் உண்மையான ரொமான்டிக் காமெடி. பின்பாதி வேறு தொனிக்குப் போய்விடுகிறது.

தாலியை ஆரம்பத்திலேயே வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு மௌன ராகம், 1986. நிறையப் பேர் இதைச் சோகப் படம் என்று நினைவில் வைத்திருக்கிறார்கள். கட்டமைப்பைப் பார்த்தால் இது ஹாலிவுட்டில் 1930களிலும் 40களிலும் இருந்த ஒரு தனி வகைக்குச் சொந்தம். ஸ்டான்லி கேவல் என்ற தத்துவப் பேராசிரியர் 1981இல் அதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார்: ஏற்கெனவே சேர்ந்தவர்கள் பிரிந்து, மறுபடியும் ஒருவரை ஒருவர் தேர்ந்தெடுக்கிற கதைகள். அதில் வருகிற தி ஆஃபுல் ட்ரூத் என்ற 1937ஆம் வருஷப் படத்தில் கணவன் மனைவிக்கு விவாகரத்து ஆணை கிடைக்கும், ஆனால் 90 நாள் கழித்துத்தான் அமலுக்கு வரும். அந்த 90 நாளும்தான் படம், கடைசி ராத்திரி பன்னிரண்டு அடிப்பதற்குள் என்ன ஆகும் என்பதுதான் கிளைமாக்ஸ். மௌன ராகத்தில் திவ்யா புருஷனிடம் பரிசாகக் கேட்பது விவாகரத்து, வக்கீல் சொல்வது ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும் என்று. கடிகாரம் வேறு, வேலை ஒன்றுதான். சட்டமே ரெண்டு பேரையும் ஒரு வீட்டுக்குள் போட்டுப் பூட்டிவிடுகிறது, அதற்குள் காதல் நடக்கிறது.

மௌன ராகத்தின் அழகு, தடையாக எந்த அப்பாவும் வந்து நிற்பதில்லை. அப்பா தன் வேலையைக் கல்யாணத்தோடு முடித்துக்கொண்டார். இப்போது தடை திவ்யாவின் துக்கம், அவள் இறங்கி வருகிற நேரத்தில் புருஷன் சந்திரகுமாரின் ரோஷம். ரெண்டுமே போன் போட்டுத் தீராதவை. ரயில் கிளம்புகிற காட்சி, அதாவது இன்றைய ஏர்போர்ட் ஓட்டத்தின் தாத்தா, இங்கே பொருந்துவது அதனால்தான்: அவள் சொல்ல வேண்டிய வார்த்தையை ஒரு வருஷமாகப் படம் தேக்கி வைத்திருக்கிறது. வெறுமனே ஓடவைத்தால் ஓட்டப்பந்தயம்தான் மிஞ்சும்.

அடுத்து அம்மாவோடு பார்க்க நான் முதலில் சொல்கிற படம், 2023இல் வந்த குட் நைட். விநாயக் சந்திரசேகரன் இயக்கம், மணிகண்டன், மீதா ரகுநாத். கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம், ஏனென்றால் வழக்கத்தை எப்படி வளைப்பது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் சமீபத்தில் வரவில்லை.

மோகனுக்குக் குறட்டை. அவ்வளவுதான் கதை. ஆபீஸில் மோட்டார் மோகன் என்று பட்டப்பெயர். முதல் பகுதியில் அதை வைத்து எல்லோரும் சிரிக்கிறார்கள், நாமும் சிரிக்கிறோம், மேலே சொன்ன சட்டப்படி கடிக்கப்போகிற குணம் இதுதான் என்று அப்போதே தெரிந்துவிடுகிறது. அனு ஒதுங்கிப் பேசுகிற பெண், தனக்கு ராசியில்லை என்று ஊர் சொல்லி நம்பவைத்த பெண். ரெண்டு பேருக்கும் பிடித்துப்போகிறது, வில்லன் இல்லை, சாதி அந்தஸ்து என்று குறுக்கே நிற்க அப்பா இல்லை, கல்யாணமும் சீக்கிரமே முடிந்துவிடுகிறது. வழக்கமான படம் முடிகிற இடத்தில், முதல் ராத்திரியில், இந்தப் படத்தின் பிரச்சினை தொடங்குகிறது. அவன் தூங்கினால் அவள் தூங்க முடியாது.

தடையாக ஒரு குறட்டையை வைத்ததில் இருக்கிற சாமர்த்தியத்தை யோசியுங்கள். குறட்டைக்கு மன்னிப்புக் கேட்டுத் திருந்த முடியாது. சந்தேகம் என்றால் விளக்கம் கொடுக்கலாம், பொய் என்றால் ஒத்துக்கொள்ளலாம், ஏர்போர்ட்டுக்கு ஓடலாம். தூக்கத்தில் வருகிற சத்தத்துக்கு எங்கே ஓடுவது? யார்மீதும் தப்பில்லை, ஆனால் ஒருவர் மற்றவரைத் தினம் ராத்திரி வதைக்கிறார். அவள் தூங்காததை மறைக்கிறாள், அதாவது அன்பினால் பொய் சொல்கிறாள். அவனுக்குத் தெரிந்ததும் குற்ற உணர்ச்சி வருகிறது, குற்ற உணர்ச்சி தாங்காமல் எரிச்சலாக மாறுகிறது, எரிச்சல் அவள் பக்கமே திரும்புகிறது. கல்யாணமான யாரும் இந்த வரிசையைப் பார்த்து இது சினிமா என்று சொல்ல மாட்டார்கள். பிரிவுக் காட்சி வருகிறது, ஆனால் அது தனியே ஒட்டவைத்த மாதிரி இல்லை, ஒவ்வொரு ராத்திரியும் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிக்கொண்டு வந்தது.

கூடவே இன்னும் ரெண்டு ஜோடிகளை வைத்திருக்கிறார்கள். ஒன்று மோகனின் அக்காவும் மாமாவும், குழந்தைக்காக ஏங்குகிறவர்கள். இன்னொன்று அனு குடியிருக்கிற வீட்டின் வயதான தம்பதி. பழைய படத்தில் இந்த இடத்தில் காமெடி டிராக் இருந்திருக்கும். இங்கே அவர்கள் புதுசாகக் கல்யாணமானவர்கள் பத்து வருஷம் கழித்து, நாற்பது வருஷம் கழித்து எப்படி இருப்பார்கள் என்று காட்டுகிற ஆட்கள். அம்மாக்களுக்கு இந்தப் படம் பிடிப்பதற்குக் காரணம் இந்த ரெண்டு ஜோடிதான் என்று நினைக்கிறேன்.

எனக்கு ஒரு குறை உண்டு, அதுவும் நம் பேட்டைக் குறை. சத்தம் தாங்காவிட்டால் வேறு ரூமில் போய்ப் படுத்துக்கொள்ளலாம் என்பது படத்தில் ஒரு வேதனையான முடிவாக வருகிறது. நம் ஏரியா ஹவுசிங் போர்டு வீட்டில் வேறு ரூம் எங்கே இருக்கிறது? ஒரு ஹால், ஒரு சமையல்கட்டு, மாமியார் கட்டிலில், மச்சான் வாசல் திண்ணையில், புருஷன் பெண்டாட்டி பீரோவுக்கு மறைவில். இங்கே குறட்டைக்கு முந்தைய தடை ஒன்று இருக்கிறது, தனியாகப் பேச இடமே இல்லை என்பது. கல்யாணமாகியும் பீச்சுக்குப் போய் உட்கார்ந்து பேசுகிற ஜோடிகளை நாம் தினம் பார்க்கிறோம். இதை வைத்து ஒருவர் ரொமான்டிக் காமெடி எடுத்தால் அதுதான் வடசென்னையின் முதல் சரியான ரொமான்டிக் காமெடியாக இருக்கும். யாராவது உதவி இயக்குநர் படித்தால் எடுத்துக்கொள்ளட்டும், பைசா வேண்டாம்.

அப்பா தடையாக நிற்கிற பழைய அச்சை எடுத்து உள்ளிருந்தே திருப்பிப் போட்ட படம் 2022இல் பிரதீப் ரங்கநாதன் எடுத்த லவ் டுடே. பாலையா இடத்தில் சத்யராஜ். பையன் பெண் கேட்டு வருகிறான், அப்பா முடியாது என்று சொல்வதில்லை. ரெண்டு பேரும் ஒரு நாளைக்குப் போனை மாற்றி வைத்துக்கொள்ளுங்கள், அப்புறமும் கல்யாணம் வேண்டுமென்றால் செய்துவைக்கிறேன் என்கிறார். 2300 வருஷமாக அப்பா வெளியே நின்று கதவைச் சாத்தினார், இவர் கதவைத் திறந்துவிட்டு உள்ளே இருப்பதைப் பாருங்கள் என்கிறார். தடை அப்பாவின் கையிலிருந்து காதலர்களின் சட்டைப் பைக்குப் போய்விட்டது. என் போன் சோதனையில் இது சுலபமாகத் தேறும், ஏனென்றால் இங்கே போன்தான் பிரச்சினையே. யோகி பாபு கிளைக்கதையையும் கவனியுங்கள். போனைக் கொடுக்காமல் ஒளிக்கிற அவரை நாம் எல்லோரும் தப்பாகவே சந்தேகப்படுகிறோம், அவர் ஒளிப்பது தன்னைப் பிறர் கேலி செய்ததை. படத்தின் நல்ல எழுத்து அங்கேதான் இருக்கிறது. என் வருத்தம், பையனின் குப்பையைப் படம் சிரித்துக் கடக்கிறது, பெண்ணின் சின்ன மறைப்பைப் பெரிதாக எடை போடுகிறது. அம்மாவோடு பார்க்கலாமா என்றால், ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு பாருங்கள், சில இடத்தில் தேவைப்படும்.

விவாகரத்துக் கோர்ட்டில் தொடங்கி, போன வாழ்க்கையைத் திரும்ப வாழ ஒரு டிக்கெட் கிடைத்தால் என்று கேட்கிற ஓ மை கடவுளே (2020) இதே மறுபடி தேர்ந்தெடுக்கிற வகைதான், லேசான படம், அம்மாவோடு தாராளமாகப் பார்க்கலாம். 2025இல் பழைய பெயரையே மறுபடி வைத்துக்கொண்டு கிருத்திகா உதயநிதி எடுத்த காதலிக்க நேரமில்லை இன்னும் ஒரு படி போகிறது. அதில் குழந்தை முதலில் வருகிறது, காதல் பிறகு. நாயகி முன்பின் தெரியாத ஒருவரின் விந்தணுவில் செயற்கைக் கருத்தரிப்பு செய்துகொள்கிறாள், அந்த ஆள் பிற்பாடு பழக்கமாகிறான், அவனுக்கோ குழந்தையே வேண்டாம். 1964 படத்தோடு அடுத்தடுத்துப் போட்டுப் பார்த்தால் அறுபது வருஷத்தில் தடை எங்கிருந்து எங்கே வந்திருக்கிறது என்று தெரியும். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் முதல் பத்து நிமிஷம் கொஞ்சம் நெளிவார்கள், அப்புறம் கேள்வி கேட்க ஆரம்பிப்பார்கள், அது நல்லதுதான்.

கடைசியாக, தாலியே வராத வகை. இங்கேதான் எடுக்கிறவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள், சேர்த்து வைக்காமல் விட்டாலே புதுமை என்று நினைத்துக்கொண்டு. சேர்த்து வைக்காமலும் இருக்கலாம், ஆனால் பார்க்கிறவர் வாங்கிய டிக்கெட்டுக்கு ஏதோ ஒரு ஆறுதல் கொடுத்தே ஆகவேண்டும். 1997இல் ஜூலியா ராபர்ட்ஸ் நடித்த மை பெஸ்ட் ஃபிரண்ட்ஸ் வெடிங் படத்தில் அவள் விரும்பிய நண்பன் வேறு பெண்ணைக் கட்டிக்கொள்கிறான், நாயகி தோற்கிறாள். முதலில் எடுத்த முடிவில் கல்யாணத்துக்கு வந்த ஒரு புது ஆளை அவளுக்கு ஜோடியாகக் காட்டினார்கள். முன்னோட்டக் காட்சியில் பார்த்தவர்களுக்குப் பிடிக்கவில்லை. திரும்ப எடுத்தார்கள்: அவளுடைய இன்னொரு நண்பன், காதலன் ஆகவே முடியாத நண்பன், ரூபர்ட் எவரெட், கல்யாண மண்டபத்துக்கு வந்து அவளோடு ஆடுகிறான். படம் ஜெயித்துவிட்டது. ஜனங்கள் கேட்டது ஜோடியை இல்லை, அவளைத் தனியாக உட்கார வைத்துவிட்டுப் போகாதே என்பதைத்தான்.

தமிழில் அந்த வகைக்கு என் ஓட்டு அட்டகத்தி, 2012, பா. ரஞ்சித்தின் முதல் படம். நம் பக்கம் இல்லை, சென்னையின் புறநகர், ஆனால் பஸ் ஃபுட்போர்டும் கானாவும் சாவு மேளமும் நமக்குத் தெரிந்தவை. தினகரன் காதலிக்க வேண்டும் என்பதற்காகவே காதலிக்கிற பையன். படம் வளைக்கிற முதல் வழக்கம் சோகம். காதல் தோற்றால் தாடி, தண்ணி, சோகப் பாட்டு என்று நம் சினிமா விதித்திருக்கிறது. இவனும் முயற்சி செய்கிறான், சோகம் வரமாட்டேன் என்கிறது, பசிக்கிறது, சாப்பிடுகிறான். தியேட்டரில் அந்த இடத்துக்கு விழுந்த சிரிப்பு வேறு ரகம், ஒவ்வொருத்தனும் தன்னையே நினைத்துச் சிரித்தான். ரெண்டாவது, அவன் விரும்புகிற பெண் காதலிப்பது தினகரனைத்தான், ஆனால் இவன் இல்லை, அதே பெயரில் வேறொருவன். பழைய நாடகங்களில் ஒரே பெயர், ஒரே முகம் என்று வருகிற குழப்பம் காதலர்களைச் சேர்த்து வைக்கப் பயன்படும். இங்கே அது அவனைக் கதையின் ஹீரோ இல்லை என்று ஆக்கிவிடுகிறது. வேறொருவனுடைய காதல் கதையில் அவன் ஓரமாக வந்து, அதற்காக அடியும் வாங்கிக்கொண்டு போகிறவன். இத்தனைக்கும் படம் பார்த்துவிட்டு யாரும் கனத்த மனசோடு வெளியே வரவில்லை.

500 டேஸ் ஆஃப் சம்மர் (2009) இதே வகைக்கு எல்லோரும் சொல்கிற ஆங்கிலப் படம், கேட்கும் முன்பே சொல்லிவிடுகிறேன், நல்ல படம், ஆனால் அட்டகத்தி பார்த்தவருக்கு அந்தப் பையன் கொஞ்சம் ஓவராக வருத்தப்படுவதாகத் தோன்றும்.

அம்மாவுக்கு எந்த வரிசை என்றால், குட் நைட் முதலில், அடுத்த வாரம் மௌன ராகம். அம்மா அதை ஏற்கெனவே பார்த்திருப்பார், பார்த்திருந்தால் இன்னும் நல்லது, கார்த்திக் வருகிற இடத்தில் போனை நோண்டாமல் அவர் முகத்தைப் பாருங்கள். ஓ மை கடவுளே எப்போது வேண்டுமானாலும். லவ் டுடேவை நண்பர்களோடு வைத்துக்கொள்ளுங்கள், போனை மட்டும் யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள்.